ஏழு மணி நேர திருவாசகத்துல திருப்புலம்பல் எங்க இருக்கு?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு வேலையைப் பத்திப் பேசப்போறேன். நீளமான ஒரு ஓதல் வீடியோவுக்கு டைம்ஸ்டாம்ப் போடுறது, சாப்டர் பிரிக்கிறது, டேக் எழுதுறது. கேக்க ரொம்பச் சின்ன வேலை மாதிரி இருக்கும். "நேரத்தைக் குறிச்சு டிஸ்கிரிப்ஷன்ல ஒட்டினா முடிஞ்சுது"ன்னு தோணும். பத்து நிமிஷ சமையல் வீடியோவுக்கு அது உண்மைதான். ஏழு மணி நேர திருவாசக முற்றோதலுக்கு அப்படி இல்லை.

முற்றோதல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மாணிக்கவாசகர் பாடின திருவாசகம் மொத்தம் 51 பகுதிகள். சிவபுராணத்துல ஆரம்பிச்சு அச்சோப் பதிகத்துல முடியும். ஒரு குழு காலையில உக்காந்து, முதல் பகுதியில இருந்து கடைசிப் பகுதி வரைக்கும் ஒரே நாள்ல ஓதி முடிக்கிறதுதான் முற்றோதல். நடுவுல சாப்பாடு, காபி எல்லாம் உண்டு. இப்ப பல குழுக்கள் இதை முழுசா ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குழுவுக்காக நாங்க சில பேர் சேர்ந்து அப்படி ஒரு வீடியோவுக்கு டைம்ஸ்டாம்ப் போட்டோம். அந்த ஒரு வீடியோவையே உதாரணமா வச்சுக்கிட்டுப் பேசுறேன்.

முதல்ல, இதை யார் தேடி வர்றாங்கன்னு பாருங்க. ஏழு மணி நேரமும் கேக்கணும்னு வர்றவங்க கொஞ்சம் பேர்தான். மார்கழி மாசம் வந்தா திருவெம்பாவைக்கும் திருப்பள்ளியெழுச்சிக்கும் வருவாங்க. ஒரு வீட்ல இறப்பு நடந்திருக்கும். சைவ மரபுல இருக்கிற குடும்பங்கள்ல அந்த நேரத்துல சிவபுராணம் ஓதுவாங்க. அங்க ஓதத் தெரிஞ்சவங்க யாரும் இல்லைன்னா, ஒரு பையன் கையில ஃபோனை வச்சுக்கிட்டு, பத்துப் பேர் பார்த்துட்டு இருக்கும்போது தேடிட்டு இருப்பான். அந்த நேரத்துல அவனுக்கு வீடியோவோட ஆரம்பத்துல இருக்கிற மைக் டெஸ்டிங்கும் வரவேற்புரையும் கேக்கக் கூடாது. இன்னொருத்தர் புஸ்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, ஒரு பதிகத்தைச் சரியான உச்சரிப்புல கத்துக்க வருவார்.

இவங்க யாராலயும் விரலால இழுத்துத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஏன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 39ஆவது பகுதி திருப்புலம்பல். மூணே பாட்டு. நம்ம வீடியோவுல ஓதி முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆச்சு. ஃபோனை நேரா பிடிச்சா அந்த சிவப்புக் கோடு ஏழு சென்டிமீட்டர் கூட இருக்காது. அதுல ஏழு மணி நேரத்தை அடைச்சா ஒன்றரை நிமிஷத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் கிடைக்கும். விரல் நுனி அதைவிட எத்தனையோ மடங்கு அகலம்.

சரி, காதால கண்டுபிடிக்கலாமான்னா அதுவும் கஷ்டம். சினிமாப் பாட்டுத் தொகுப்புன்னா ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மெட்டு, ஒரு குரல், ஒரு ஆரம்ப இசை இருக்கும். திருவாசகத்தை மரபா மோகன ராகத்துலதான் பாடுவாங்க. நாங்க எடுத்துக்கிட்ட வீடியோவுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மெட்டு, அதே கூட்டுக் குரல். நடுவுல எங்க போய்க் குதிச்சாலும், பாட்டு தெரியாதவருக்கு "இது எந்தப் பதிகம்"னு புரியாது. அதனால இந்த மாதிரி வீடியோவுல டைம்ஸ்டாம்ப் இல்லைன்னா உள்ள இருக்கிற 51 பகுதியில முதல் பகுதி மட்டும்தான் ஒரு ஆளுக்குக் கிடைக்கும். மத்த அம்பதும் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இப்ப வேலைக்கு வரலாம். வீடியோவை யூடியூப்ல ஓட விட்டு, பேப்பர்ல நேரம் எழுதுறதுதான் எல்லாரும் முதல்ல யோசிக்கிற வழி. ஏழு மணி நேரம் கேட்டே ஆகணும். அதைவிட நல்ல வழி, ஒலியை மட்டும் தனியா எடுத்து, அதோட அலைவடிவத்தைக் கண்ணால பாக்கிறது. ஒலியை எடுக்க இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i video.mp4 -vn -ac 1 -b:a 64k audio.mp3
```

ஏழு மணி நேரத்துக்குச் சுமார் 200 எம்பி ஃபைல் ஒண்ணு வரும். சாதாரண லேப்டாப்பே தாங்கும். அதை ஆடாசிட்டில திறங்க. இலவச சாஃப்ட்வேர். திறந்ததும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே நீலக் கம்பளம் மாதிரி தெரியும். கொஞ்சம் பெரிசாக்கிப் பாத்தா, அந்தக் கம்பளத்துல நடுநடுவுல கோடு போட்ட மாதிரி இடைவெளிகள் தெரியும். ஒரு பதிகம் முடிஞ்சு அடுத்தது தொடங்குற இடத்துல குழு மூச்சு வாங்கும். புஸ்தகத்துல பக்கம் திருப்புவாங்க. நம்ம வீடியோவுல அந்த இடைவெளி மூணு, நாலு செகண்ட் இருந்துச்சு. ரெண்டு பாட்டுக்கு நடுவுல இருக்கிறது ஒரு செகண்ட்தான். ஆக, பெரிய இடைவெளியா பாத்துப் பாத்துப் போய், அந்த இடத்துல பத்து செகண்ட் மட்டும் கேட்டா போதும்.

ஓடிட்டு இருக்கும்போது கன்ட்ரோலோட எம் அழுத்தினா, அந்த இடத்துல ஒரு லேபிள் விழும். அதுல பதிகத்தோட பேரை டைப் பண்ணிட்டு அடுத்த இடத்துக்குப் போங்க. முழு வேலையும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. பக்கத்துல திருவாசகப் புஸ்தகம் கட்டாயம் இருக்கணும். அடுத்தது எது, அது எத்தனை பாட்டுன்னு தெரிஞ்சாதான் ஒரு இடைவெளியைப் பாத்ததும் "இது பதிக எல்லையா, இல்ல யாரோ தண்ணி குடிச்சாங்களா"ன்னு சொல்ல முடியும்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். திருமுறை ஓதும்போது ஒவ்வொரு பதிகத்தோட தொடக்கத்துலயும் முடிவுலயும் "திருச்சிற்றம்பலம்"னு சொல்லுவாங்க. அப்ப ரெண்டு பதிகம் சேருற இடத்துல அந்தச் சொல் ரெண்டு தடவை வரும். முதல்ல வர்றது போன பதிகத்தை மூடுறது. ரெண்டாவது வர்றது அடுத்ததைத் திறக்கிறது. கேக்கிறவருக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். லேபிளை முதல் சொல்லுக்கு முன்னாடி வச்சீங்கன்னா, திருவெம்பாவையைத் தேடி வர்றவருக்கு முதல்ல நீத்தல் விண்ணப்பத்தோட முடிவு கேக்கும்; அப்புறம் ஒரு மௌனம், பக்கம் திருப்புற சத்தம். ரெண்டாவது சொல்லுக்கு அப்புறம் வச்சீங்கன்னா தொடக்கமே வெட்டுப்பட்டுப் போகும். ரெண்டுக்கும் நடுவுல, இரண்டாவது திருச்சிற்றம்பலத்துக்கு ஒரு செகண்ட் முன்னாடி, அந்த மௌனத்துல வைக்கணும். சில குழுக்கள்ல அந்த இடத்துல ஒருத்தர் பதிகத்தோட பேரையும் அது அருளப்பட்ட ஊரையும் அறிவிப்பார். அப்படி இருந்தா அறிவிப்புக்கு முன்னாடி வைங்க. வந்தவர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கோம்னு அந்தக் குரலே சொல்லிடும்.

அடுத்து, எத்தனை துண்டா பிரிக்கிறது? 51 பகுதிக்கு 51 சாப்டர்னு நேரா போயிடலாம். ஆனா பகுதிகள் ஒரே அளவு இல்லை. போற்றித் திருஅகவல் 225 அடி. திருப்புலம்பல் மூணு பாட்டு. திருச்சதகம் நூறு பாட்டு. அதை ஒரே சாப்டரா விட்டா முக்கால் மணி நேரத்துக்கு மேல ஒரே துண்டா கிடக்கும். பழைய பிரச்சினையே திரும்பி வரும். நல்லவேளை, சதகத்தை நாம பிரிக்க வேண்டியதில்லை. நூலுக்குள்ளேயே அது பத்துப் பத்தா பிரிஞ்சு, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பேர் இருக்கு: மெய்யுணர்தல், அறிவுறுத்தல், சுட்டறுத்தல்னு ஆரம்பிச்சு ஆனந்தாதீதம் வரைக்கும். அந்தப் பத்தையும் பத்து சாப்டர் ஆக்கிட்டோம். ஆக அம்பது பகுதி, சதகத்துக்குப் பத்து, தொடக்கத்துக்கு ஒண்ணு, நிறைவுக்கு ஒண்ணு. மொத்தம் 62.

ஒரு பாட்டுக்கு ஒரு சாப்டர் போடலாமேன்னு ஒருத்தர் கேட்டார். வேண்டாம். அறுநூத்துச் சொச்சம் வரியை ஃபோன்ல யார் உருட்டுவாங்க? டிஸ்கிரிப்ஷன்லயும் இடம் கிடையாது. அந்தக் கணக்குக்குக் கொஞ்ச நேரத்துல வர்றேன்.

லேபிள் எல்லாம் போட்டு முடிச்சதும், ஆடாசிட்டில எக்ஸ்போர்ட் லேபிள்ஸ்னு இருக்கும். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். அதுல மூணு பத்தி: தொடங்குற செகண்ட், முடியுற செகண்ட், பேர். செகண்ட் கணக்கா இருக்கிறதை மணி, நிமிஷம், செகண்டா மாத்தணும். அதை கூகுள் ஷீட்ஸ்ல ஒட்டி, பக்கத்துல இந்த ஃபார்முலா போட்டா போதும்:

```
=TEXT(INT(A2)/86400,"h:mm:ss")&" "&C2
```

86400ங்கிறது ஒரு நாளுக்கு எத்தனை செகண்ட்ங்கிற எண். ஷீட் நேரத்தை நாளோட பின்னமாத்தான் கணக்கு வைக்கும், அதுக்காக வகுக்கிறோம். கீழ வரைக்கும் இழுத்துவிட்டா 62 வரியும் தயார். நம்ம வீடியோவுல எடிட்டிங்குக்கு முந்தின முதல் வரிகள் இப்படி வந்துச்சு:

```
0:00:00 தொடக்கம், வரவேற்பு
0:12:43 சிவபுராணம் 1
0:23:11 கீர்த்தித் திருஅகவல் 2
0:36:58 திருவண்டப்பகுதி 3
0:54:24 போற்றித் திருஅகவல் 4
1:15:09 சதகம்: மெய்யுணர்தல் 5
```

இதுல பேர் முதல்ல, எண் கடைசியில இருக்கிறதைக் கவனிங்க. இதுக்கு எங்க குழுவுல ஒரு சண்டையே நடந்துச்சு. ஒருத்தர், ஒவ்வொரு வரியும் "திருவாசகம்"னு தொடங்கணும், அப்பதான் தேடல்ல வரும்னு சொன்னார். அவர் சொல்ற மாதிரி வச்சா ஃபோன்ல என்ன ஆகும்? சாப்டர் பேருக்குக் கிடைக்கிற இடம் ரொம்பக் குறுகல். நீளமா இருந்தா பின்பாதியை வெட்டிட்டுப் புள்ளி வச்சிடும். அப்ப 62 சாப்டரும் "திருவாசகம்…"னுதான் தெரியும். எல்லாக் கதவுலயும் அபார்ட்மெண்ட் பேரை எழுதி, வீட்டு நம்பரை எழுதாம விட்ட மாதிரி. திருவாசகம்ங்கிற சொல்லுக்கு வீடியோ தலைப்பு இருக்கு. அங்க ஒரு தடவை வந்தா போதும்.

பேர் விஷயத்துல இந்த நூலுக்குன்னே இன்னொரு சிக்கலும் உண்டு. திருப்பள்ளியெழுச்சி 20ஆவது, திருப்படையெழுச்சி 46ஆவது, திருப்படையாட்சி 49ஆவது. வேகமா பாத்தா மூணும் ஒண்ணு மாதிரி இருக்கும். கோயில் மூத்த திருப்பதிகம் 21, கோயில் திருப்பதிகம் 22, அடுத்தடுத்தே வரும். அதனாலதான் எண் கட்டாயம் வேணும்கிறேன். கையில புஸ்தகம் வச்சிருக்கிறவர் எண்ணைப் பாத்துத்தான் உறுதி பண்ணுவார். பேரைச் சுருக்கணும்னா சதகத்துல செஞ்ச மாதிரி முன்னாடி இருக்கிற பொதுச் சொல்லைச் சுருக்குங்க. வித்தியாசம் காட்டுற சொல்லைத் தொடாதீங்க.

இப்ப டிஸ்கிரிப்ஷன்ல ஒட்டுறோம். சாப்டரா மாறணும்னா யூடியூப்புக்குச் சில நிபந்தனை இருக்கு. முதல் வரி சுழியத்துல தொடங்கணும். குறைஞ்சது மூணு டைம்ஸ்டாம்ப் இருக்கணும், நேரம் ஏறுவரிசையில வரணும். ஒவ்வொரு துண்டும் பத்து செகண்டாவது நீளணும். இதுல ஒண்ணு தப்பினாலும், எந்த வரி தப்புன்னு யூடியூப் சொல்லாது. சாப்டர் கோடுகள் வராது, அவ்வளவுதான். நேரம் மட்டும் நீல லிங்க்கா தெரியும். அதைப் பாத்துட்டு "வேலை செய்யுது"ன்னு நினைச்சுடாதீங்க. சிவப்புக் கோடு துண்டு துண்டா வெட்டுப்பட்டிருக்கான்னு பாருங்க. அதுதான் அடையாளம்.

அப்படி வரலைன்னா எங்க தேடுறது? ரெண்டு இடத்தை முதல்ல பாருங்க. ஒண்ணு, கையால திருத்தின வரி. 3:41:20ங்கிறதை 3:14:20னு தட்டியிருந்தா வரிசை உடைஞ்சுது. இன்னொண்ணு, டிஸ்கிரிப்ஷனோட மேல் பகுதி. "காலை 6:30 மணிக்குத் தொடங்கியது"ன்னு நிகழ்ச்சி விவரம் எழுதியிருப்பீங்க. யூடியூப்புக்கு அது காலை நேரம்னு தெரியாது. வீடியோவோட ஆறாவது நிமிஷம் முப்பதாவது செகண்ட்னு எடுத்து லிங்க் ஆக்கிடும். வரிசையையும் அது குழப்பலாம். "காலை ஆறரை மணி"ன்னு எழுத்துல எழுதிடுங்க. பிரச்சினையே இல்லை.

இடக் கணக்குக்கு வர்றேன். டிஸ்கிரிப்ஷனுக்கு 5,000 எழுத்துன்னு ஒரு எல்லை உண்டு. ஏபிஐ வழியா ஏத்துறவங்களுக்கு அது 5,000 பைட்னு ஆவணத்துல எழுதியிருக்கு. தமிழ்ல பைட் சீக்கிரம் தீரும். "ம்"ங்கிறது நமக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு மகரம் ஒண்ணு, புள்ளி ஒண்ணு, ரெண்டு குறி. ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். ஆக "ம்" ஆறு பைட். நம்ம 62 வரியும் சேர்ந்து சுமார் 3,700 பைட் ஆச்சு. ஒவ்வொரு பதிகத்தோட முதல் அடியையும் போட்டா நல்லா இருக்குமேன்னு ஆசைப்பட்டோம். அது எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிடும். அந்த மாதிரி கூடுதல் விவரத்தைக் கமெண்ட்ல எழுதி, பின் பண்ணி வைக்கலாம். கமெண்ட்ல இருக்கிற நேரத்தைத் தட்டினா வீடியோ அங்க போகும். ஆனா அது சாப்டர் ஆகாது.

சரி, பெரிய பிரச்சினைக்கு வருவோம். டைம்ஸ்டாம்ப்ங்கிறது டிஸ்கிரிப்ஷன்ல கிடக்கிற வெறும் எழுத்து. வீடியோவை வெட்டினா அது தானா நகராது. நம்ம வீடியோவுல ஒருத்தர் லேபிள் போட்டுட்டு இருக்க, இன்னொருத்தர் எடிட்டிங் பாத்துட்டு இருந்தார். எடிட்டிங்ல ரெண்டு வெட்டு. ஆரம்பத்துல வரவேற்பும் மைக் சரிபாத்ததும் போச்சு: 11 நிமிஷம் 20 செகண்ட், அதாவது 680 செகண்ட். அப்புறம் 12ஆவது பகுதியான திருச்சாழலுக்கும் 13ஆவது திருப்பூவல்லிக்கும் நடுவுல மதிய சாப்பாடு 47 நிமிஷம், 2,820 செகண்ட். ஆக சிவபுராணத்துல இருந்து சாழல் வரைக்கும் ஒவ்வொரு நேரத்துலயும் 680 கழிக்கணும். பூவல்லில இருந்து கடைசி வரைக்கும் ரெண்டையும் கூட்டி 3,500 கழிக்கணும். ஃபார்முலாவுல இவ்வளவுதான் மாறும்:

```
=TEXT((INT(A2)-680)/86400,"h:mm:ss")&" "&C2
```

12:43ல இருந்த சிவபுராணம் 1:23க்கு வந்துடும். முதல் வரியான 0:00:00ஐ மட்டும் கழிக்காம அப்படியே விடுங்க. இதுக்காகத்தான் அந்த ஷீட்டைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்வேன். டிஸ்கிரிப்ஷன்ல கையால 62 வரியைத் திருத்துறதும், ஷீட்ல ஒரு எண்ணை மாத்துறதும் ஒண்ணா?

யாரோ போட்ட பழைய லிஸ்ட் உங்க கைக்கு வருது, நேரம் பொருந்தலைன்னு வைங்க. எப்படி நோய் கண்டுபிடிக்கிறது? மூணு இடத்தைத் தட்டிப் பாருங்க: ஆரம்பத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. மூணுலயும் ஒரே அளவு பிசகுன்னா முன்னாடி ஒரு வெட்டு விழுந்திருக்கு. ஆரம்பம் சரியா இருந்து, ஒரு இடத்துக்கு அப்புறம் எல்லாமே ஒரே அளவு பிசகுன்னா, அந்த இடத்துல ஒரு வெட்டு. பிசகு கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்துட்டே போச்சுன்னா, லேபிள் போட்ட ஒலி வேற கருவியில பதிவானது. கேமராவோட கடிகாரமும் தனி ரெக்கார்டரோட கடிகாரமும் ஒரே வேகத்துல ஓடாது. ஏழு மணி நேரத்துல சில செகண்ட் தள்ளிடும். அதனால லேபிளை எப்பவும் வீடியோவுல இருந்து எடுத்த ஒலியிலயே போடுங்க. எடிட்டிங் முடிஞ்ச கடைசி வீடியோவே கையில இருந்தா இன்னும் நல்லது. கழிக்கிற வேலையே வராது.

இன்னொண்ணு. ஏத்தின அப்புறம் யூடியூப்போட எடிட்டர்லயே வெட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. ஆறு மணி நேரத்துக்கு மேல இருக்கிற வீடியோவுக்கு அது வேலை செய்யாது. வெட்ட வேண்டியதை முன்னாடியே வெட்டி ஏத்துங்க.

இப்ப டேக். நிறைய பேர் இதுலதான் அதிக நேரம் செலவழிக்கிறாங்க, ஆனா இதுக்குத்தான் பலன் கம்மி. வீடியோவைக் கண்டுபிடிக்கிறதுல டேக்கோட பங்கு ரொம்பக் குறைவுன்னு யூடியூப்போட உதவிப் பக்கத்துலயே எழுதியிருக்கு. பேரை மக்கள் அடிக்கடி தப்பா டைப் பண்ற விஷயங்களுக்கு மட்டும் அது உதவும்னும் சொல்லியிருக்கு. நம்ம விஷயத்துக்கு அந்த ரெண்டாவது வாக்கியம்தான் தங்கம். ஏன்னா திருவாசகத்தை ஆங்கில எழுத்துல டைப் பண்ண ஒரே ஒரு வழி கிடையாது. `thiruvasagam`, `thiruvasakam`, `tiruvacakam`, `thiruvaasagam` எல்லாமே புழக்கத்துல இருக்கு. `thiruvempavai`க்கும் `tiruvempavai`, `thiruvembavai`ன்னு மூணு நாலு உண்டு. தமிழ்லயே "சிவபுராணம்"னும் "சிவ புராணம்"னும் ரெண்டு விதமா எழுதுறாங்க.

டேக் பெட்டிக்கு 500 எழுத்துதான் எல்லை. அதை "பக்தி", "ஆன்மீகம்", "தமிழ்"னு பொதுச் சொல்லால நிரப்புறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தச் சொல்லைத் தேடுறவர் உங்க வீடியோவைத் தேடலை. ஆக எழுத்து வேறுபாடுகளுக்கு மட்டும் டேக்கை வைங்க. எந்த வேறுபாடுன்னு ஊகிக்கவும் வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவுல அனலிட்டிக்ஸ் பகுதியில, யூடியூப் தேடல் வழியா வந்தவங்க என்ன சொல்லைத் தட்டினாங்கன்னு காட்டும். ஒரு மாசம் விட்டுப் பாத்தா உங்க ஆட்கள் எந்த எழுத்துல தேடுறாங்கன்னு தெரியும். அதை எடுத்துப் போடுங்க.

சிவபுராணத்துக்கு ஒரு தனிக் குழப்பம் இருக்கு. அதே பேர்ல வடமொழிப் புராணம் ஒண்ணு இருக்கு; `sivapuranam`னு தட்டினா சிவனோட கதைகளைச் சொல்ற வீடியோக்களும் சேர்ந்து வந்து நிக்கும். இதை டேக்கால தீர்க்க முடியாது. மனுஷங்க கண்ணுல படுற இடத்துல, அதாவது தலைப்புலயோ டிஸ்கிரிப்ஷனோட முதல் ரெண்டு வரியிலயோ, "திருவாசகம்", "சிவபுராணம்", "மாணிக்கவாசகர்" மூணும் ஒரே வாக்கியத்துல இருக்கணும். மிச்சம் இருந்த பைட்ல, அதிகமா தேடப்படுற ஆறு பகுதிகளுக்கு மட்டும் தமிழ்ப் பேருக்குப் பக்கத்துல ஆங்கில எழுத்துலயும் பேர் சேர்த்தோம். எல்லாத்துக்கும் சேர்த்தா 62 வரியும் கண்ணுக்குக் கசகசன்னு ஆயிடும்.

சம்பந்தமே இல்லாத பிரபல பாடகர் பேரு, பெரிய கோயில் பேரு எல்லாம் டேக்ல போடுறவங்க இருக்காங்க. அது யூடியூப் விதிக்கு எதிரானது, வீடியோவையே எடுத்துடலாம். டிஸ்கிரிப்ஷனோட அடியில அம்பது சொல்லைக் கமா போட்டு வரிசையா கொட்டுறதும் அதே வகைதான்.

கடைசியா ஒண்ணு. வீடியோ போட்டு மூணு வாரம் கழிச்சு ஒரு அம்மா கமெண்ட் எழுதியிருந்தாங்க. எந்தப் பதிகம்னு கேக்கலை. "குலாப்பத்தை முதல்ல எடுத்துக் கொடுத்துப் பாடுறது எங்க அப்பாதானே? அவர் பாடின மத்த இடங்கள் எங்க இருக்குன்னு சொல்ல முடியுமா? அவர் இப்ப இல்லை"ன்னு. முற்றோதல்ல ஒருத்தர் ஒரு அடியை எடுத்துக் கொடுக்க, மத்தவங்க பின்பாட்டா வாங்கிப் பாடுவாங்க. அந்த முன்னோதுறவர் சில பதிகத்துக்கு ஒரு தடவை மாறுவார். 62 லேபிள்ல எதுலயும் அந்த விவரம் இல்லை. ஆடாசிட்டி ஃபைல் பத்திரமா இருந்ததால, இன்னொரு லேபிள் வரிசை சேர்த்து, குரல் மாறுற இடங்களை மட்டும் குறிச்சோம். மொத்தம் 19 இடம். அவங்க அப்பா பாடினது நாலு இடத்துல. அதைச் சாப்டர்ல கலக்கலை. கலந்தா பதிகம் தேடுறவர் குழம்பிடுவார். குழுவுல எல்லார்கிட்டயும் கேட்டுட்டு, யார் யார் எங்க முன்னோதினாங்கன்னு ஒரு பட்டியலை முதல் கமெண்ட்டா போட்டு பின் பண்ணினோம். உங்ககிட்ட இந்த மாதிரி ஒரு ரெக்கார்டிங் இருந்தா, குழு ஆட்கள் பக்கத்துல இருக்கும்போதே உக்கார வச்சு, குரலைப் போட்டுக் காட்டிப் பேரைக் கேட்டு எழுதிக்கோங்க. பதிகம் எங்க தொடங்குதுன்னு புஸ்தகத்தைப் பாத்து யார் வேணும்னாலும் பத்து வருஷம் கழிச்சும் கண்டுபிடிக்கலாம். அந்தக் குரல் யாரோடதுன்னு அங்க உக்காந்திருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஷீட்டோட மாதிரியை எபிசோட் பக்கத்துல போட்டிருக்கேன். 680க்குப் பதிலா உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.